பச்சைப் புள்ளி தெரிகிறது, ஐந்து வாரம் ஆகிறது: "நாம் ரெண்டு பேர் மட்டும்" என்று கேட்கலாமா?

ஓசூர்_ரோஜா
எனக்கு 27, ஓசூரில் வேலை. டிண்டரில் அறிமுகமான ஒருவரை ஐந்து வாரமாகப் பார்த்து வருகிறேன். அவர் கிருஷ்ணகிரி. ஆறு முறை சந்தித்துவிட்டோம். எனக்கு இனி வேறு யாரையும் பார்க்க மனமில்லை. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தினமும் இருக்கிறது. நானும் இன்னும் ஆப்பை எடுக்கவில்லை. இப்போதே கேட்கலாமா, அவசரமா?

தொப்பூர்_திருப்பம்
அவசரம்தான். ஆறு சந்திப்பு, ஒவ்வொன்றும் ரெண்டு மணி நேரம் என்று வைத்தாலும் அவரை நீங்கள் அறிந்தது மொத்தம் 12 மணி நேரம். பச்சைப் புள்ளி எரிந்தால் அவர் வேறு பெண்களோடு பேசுகிறார் என்று அர்த்தம். நீங்களும் பேசுங்கள். மூன்று மாதம் போகட்டும்.

பரிசல்காரி
திருப்பம், ஆறு சந்திப்பு குறைவு என்பது சரி. புள்ளி விஷயத்தில் பாதிதான் சரி. கடந்த 24 மணி நேரத்துக்குள் ஆப்பைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான் அது சொல்லும். யாரோடு பேசினார், பேசினாரா என்பதெல்லாம் அதில் இல்லை. காலையில் பஸ்ஸில் ஒரு தடவை திறந்து மூடினாலும் மறுநாள் காலை வரை எரியும். அப்புறம் ரோஜா, அந்தப் புள்ளியைப் பார்க்க நீங்கள் ஆப்பைத் திறக்க வேண்டும் இல்லையா? அங்கே அவருக்கு உங்கள் பெயரும் பச்சையாகத்தான் தெரியும். உங்களைப் போலவே அவரும் உங்கள் புள்ளியைப் பார்க்கத் தினமும் திறக்கிறாரோ என்னவோ.

ஓசூர்_ரோஜா
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. தினம் ராத்திரி அதைப் பார்க்க மட்டும்தான் திறக்கிறேன்.

மாங்கூழ்_மாமா
ஐந்து வாரம் தாராளம் அம்மா. எங்கள் காலத்தில் பஜ்ஜி சாப்பிடும் நேரத்தில் முடிவு செய்தோம். பையன் நம்ம ஜில்லா, நல்லதாயிற்று. வீட்டில் சொல்லி ஜாதகம் வாங்குங்கள்.

பரிசல்காரி
மாமா, அவர் கல்யாணம் பற்றிக் கேட்கவில்லை. இருவரும் இப்போதைக்கு வேறு யாரையும் பார்க்காமல் இருக்கலாமா என்று கேட்கிறார். நம் ஊரில் இதற்குத் தனிச் சொல் இல்லாததுதான் பிரச்சினை. "நாம கமிட்டா?" என்று கேட்டால் எதிராளி காதில் அது கல்யாணம் என்றே விழுகிறது, பயந்துபோய் மழுப்புகிறார். அதனால் ரோஜா, அந்தச் சொல்லை விடுங்கள். "நான் வேறு யாரையும் பார்க்கவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை. உனக்கு எப்படி?" என்று மட்டும் சொல்லுங்கள். புள்ளியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "உன் பெயர் பச்சையா இருந்துச்சே" என்று ஆரம்பித்தால் அவர் விளக்கம் கொடுப்பதில் இறங்கிவிடுவார், நீங்கள் கேட்க வந்தது அங்கேயே நின்றுவிடும். வாட்ஸப்பிலும் வேண்டாம். நேரில், பகலில், பேசிவிட்டு இன்னும் ஒரு மணி நேரமாவது சேர்ந்திருக்கிற மாதிரி. பஸ் ஏறும் நேரத்தில் கேட்டுவிட்டு ஓசூர் வரைக்கும் தவிக்காதீர்கள்.

தொப்பூர்_திருப்பம்
முதலில் தன் மனதைக் கொட்டிவிட்டால் அவர் கை ஓங்கிவிடும். அவர் சொல்லட்டும், அப்புறம் இவர் சொல்லட்டும்.

பரிசல்காரி
அவரும் இதையே நினைத்துக்கொண்டிருந்தால்? ரெண்டு பேரும் மூன்று மாதம் புள்ளி பார்த்துக்கொண்டே கிடப்பார்கள்.

பாலக்கோடு_பையன்
என் கதையைச் சொல்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் நாம் மட்டும்தான் என்று பேசி முடித்தேன். அன்றைக்கே போனிலிருந்து ஆப்பைத் தூக்கினேன். மூன்று வாரம் கழித்து அவள் தோழி, "உன் ஆளு ஆப்பில இருக்கான்" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டாள். தர்மபுரி சின்ன ஊர், 50 கிலோமீட்டர் வைத்துத் தேடினாலும் வந்த முகமே திரும்பத் திரும்ப வரும். ஆப்பைத் தூக்கினால் கணக்கும் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை. மாதச் சந்தா வேறு ஓடிக்கொண்டே இருந்தது, காசும் போனது. நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை.

பரிசல்காரி
தம்பி, நிறைய பேர் மாட்டுவது இங்கேதான். போனிலிருந்து எடுப்பது வேறு, உள்ளே போய்க் கணக்கை அழிப்பது வேறு. கணக்கை அழித்தாலும் கூகுள் பிளே வழியாகக் கட்டிய சந்தாவை அங்கே போய்த் தனியாக நிறுத்த வேண்டும். டிண்டரில் நடுவழி ஒன்று உண்டு. Discovery என்பதை அணைத்தால் புதியவர்களுக்கு முகம் தெரியாது. ஆனால் ஏற்கனவே மேட்ச் ஆனவர்களோடு பேச்சு தொடரும். முன்பு நீங்கள் லைக் போட்ட ஒருவர் இப்போது உங்களைப் பார்த்து மேட்ச் ஆகவும் முடியும். அதனால் ரோஜா, "ஆப்பை எடுத்துடலாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அழிப்பதா, மறைப்பதா, என்றைக்குள் என்று பேசுங்கள். முடிந்தால் ஒரே நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

தொப்பூர்_திருப்பம்
அழித்தால் தீர்ந்துவிடுமா? ஒரு மாதத்தில் முக்கால்வாசிப் பேச்சு இன்ஸ்டாகிராமுக்குப் போய்விடும். அங்கே எந்தப் புள்ளியை எண்ணுவது?

பரிசல்காரி
இது நியாயமான கேள்வி. ஆப்பிலிருந்து வெளியே வந்துவிட்ட பேச்சுகளுக்கும் பதில் வேண்டும். பழைய நண்பர்களை விடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் டேட்டிங் என்று தொடங்கி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும் பேச்சுக்கு "இப்போ ஒருத்தரைப் பார்த்துட்டிருக்கேன்" என்று ஒரு வரி அனுப்புவதா வேண்டாமா என்று பேசலாம். போனை வாங்கிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம். பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்ற நிலைமை இருந்தால் அங்கே சண்டை வேறு.

ஓசூர்_ரோஜா
நேற்று ஞாயிறு, கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். பூங்காவில் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிட்டு முடித்ததும் அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "நீ ஆப்பில இருந்ததால நானும் இருந்தேன்" என்றார். இன்னும் ரெண்டு பேரோடு பேச்சு இருக்கிறதாம். நேரில் பார்க்கவில்லையாம். இந்த வாரத்துக்குள் அவர்களிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு சேர்ந்து கணக்கை அழிக்கலாம் என்றார். நான் சரி என்றேன். ஒரே ஒரு விஷயம். அவர் அம்மா மேட்ரிமோனியில் அவர் பெயரைப் போட்டிருக்கிறாராம். மாதம் ஒரு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். "அது அம்மாவோடது, அதைக் கணக்கில் எடுக்காதே" என்கிறார்.

தொப்பூர்_திருப்பம்
ஆப்பில் முகம் தெரியாத ஆட்களைப் பற்றித்தான் ஒரு வாரமாகக் கவலைப்பட்டோம். உண்மையான போட்டி வீட்டுக் கூடத்தில் டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

மாங்கூழ்_மாமா
அதைத்தான் அன்றைக்கே சொன்னேன்.

பரிசல்காரி
மாமா, நீங்கள் சொன்னது வேறு. ரோஜா, ஐந்து வாரத்தில் அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொல்லச் சொல்வது அதிகம். ஆனால் பெண் பார்க்கப் போவதும் வேறொருவரைப் பார்ப்பதுதான். மேட்ரிமோனி பெயரை அழிக்கச் சொல்லாமல், "இன்னும் மூன்று மாதம் யாரையும் பார்க்க வேண்டாம்மா" என்று வீட்டில் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு என்ன காரணம் சொல்வார் என்பது அவர் பாடு.

பாலக்கோடு_பையன்
எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி "யாரு அந்தப் பொண்ணு?"தான்.

ஓசூர்_ரோஜா
அவரும் அதையேதான் சொன்னார். ஞாயிறு பார்க்கிறேன். ஆப்பை நேற்று ராத்திரி திறக்கவில்லை.