சிசிஐ கணக்கு: என் ஷீட்டில் 133.3, சார்ட்டில் 148.1. எங்கே தப்பு?

காட்பாடி மாணவன்:
விலை தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்குதுன்னு காட்டும் சிசிஐ, சார்ட்டில் எப்படி வருதுன்னு புரிஞ்சுக்க எக்செல்லில் நானே போட்டுப் பார்க்கிறேன். சுலபமா இருக்கட்டும்னு 5 நாள். E காலத்தில் டிபிகல் பிரைஸ், அதாவது ஹை, லோ, க்ளோஸ் மூன்றையும் கூட்டி 3-ஆல் வகுத்தது. E2 முதல் E10 வரை: 96, 97, 98, 99, 100, 102, 104, 106, 113. F-ல் 5 நாள் சராசரி. G-ல் அன்றைய விலைக்கும் அன்றைய சராசரிக்கும் உள்ள வித்தியாசம், மைனஸ் இல்லாமல். அந்த G-யின் கடைசி 5 வரிக்குச் சராசரி எடுத்தால் 4.0. கடைசி நாளின் வித்தியாசம் 8, 0.015 சூத்திரத்தில் வரும் மாறாத எண்; 8 ÷ (0.015 × 4) = 133.3. சார்ட்டில் 148.1 காட்டுது. விலையெல்லாம் சரிபார்த்துட்டேன்.

ஆற்காடு சேகர்:
தம்பி, விலகல் எடுத்த இடத்தில்தான் தப்பு. G காலத்தைத் தூக்கிட்டு நேரா STDEV போடுங்க, சரியாயிடும்.

காட்பாடி மாணவன்:
போட்டேன் அண்ணா. 106.7 வருது. இன்னும் தள்ளிப் போயிடுச்சு.

ராணிப்பேட்டை கணக்கர்:
சேகர் சொன்ன இடம் சரி, மருந்துதான் மாறிப்போச்சு. STDEV வித்தியாசங்களை வர்க்கமாக்கிக் கூட்டும்; அதனால் 113 மாதிரி ஒரே ஒரு பெரிய நாள் வகுக்கும் எண்ணை ஊத வைத்துவிடும். இதில் வேண்டியது சாதாரண சராசரி விலகல்.

உங்க G காலத்தில் நடந்தது இதுதான்: 100-ஐ அன்றைய சராசரி 98-உடன் ஒப்பிட்டீங்க, 102-ஐ 99.2-உடன். ஒவ்வொரு நாளுக்கும் வேற வேற அளவுகோல். ஐந்து நாளையும் இன்றைய ஒரே சராசரியோடு ஒப்பிடணும். இன்றைய சராசரி 105. வித்தியாசங்கள் 5, 3, 1, 1, 8. கூட்டினால் 18, ஐந்தால் வகுத்தால் 3.6. பிறகு 8 ÷ (0.015 × 3.6) = 148.1. இதற்குத் தனிக் காலமே வேண்டாம்:

```
=(E10-AVERAGE(E6:E10))/(0.015*AVEDEV(E6:E10))
```

விலை ஒரே திசையில் ஏறும்போதுதான் இந்தத் தப்பு நல்லாத் தெரியும். பக்கவாட்டில் போகும் விலையில் சராசரி அதிகம் நகராது, அப்போ ரெண்டு விடையும் கிட்டக்கிட்ட வரும். அதனாலேயே பலர் கவனிக்கிறதில்லை.

வெல்ல மண்டி:
எங்களுக்கு மண்டியில் வெல்லம் ஒரு நாளைக்கு ஒரே ரேட்தான், ஹை லோ கிடையாது. அதையே E-யில் போட்டேன். சில நாள் #DIV/0! வருதுங்களே?

ராணிப்பேட்டை கணக்கர்:
ஐயா, ஐந்து நாளும் ஒரே ரேட் இருந்தா விலகல் பூஜ்யம், வகுக்க முடியாது. நாள் எண்ணிக்கையை 20 ஆக்கிப் பாருங்க, அது குறையும். ஆனா நாளுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கம் உங்க கணக்கில் வராது. அதை மறந்துட வேண்டாம்.

காட்பாடி மாணவன்:
சரியா வந்துடுச்சு, நன்றிங்க. 148-ன்னா ரொம்ப ஏறிடுச்சு, இனி இறங்கும்னு எடுத்துக்கலாமா?

ஆற்காடு சேகர்:
100-க்கு மேல போனா விற்கணும், மைனஸ் 100-க்குக் கீழ போனா வாங்கணும். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ராணிப்பேட்டை கணக்கர்:
1980-இல் இதைக் கொண்டுவந்த டொனால்ட் லாம்பர்ட் சொன்னது நேர் எதிர், சேகர். பிளஸ் 100-ஐத் தாண்டினால் வாங்கு, திரும்பி உள்ளே வந்தால் வெளியேறு. 0.015-ஐ அவர் வைத்ததே பெரும்பாலான நாட்கள் பிளஸ் 100, மைனஸ் 100 இரண்டு கோட்டுக்குள் அடங்கணும்னுதான். பிளஸ் 100-ன்னா விலை தன் சராசரியிலிருந்து, சராசரி விலகலைப் போல ஒன்றரை மடங்கு மேலே நிற்குதுன்னு அர்த்தம். ஆர்எஸ்ஐ மாதிரி 100-இல் முடியும் அளவு இல்லை. 20 நாள் கணக்கில் 200, 250-ன்னும் போகும்.

இதையும் போட்டுப் பாருங்க தம்பி: E11-இல் 114. விலை ஒரு ரூபாய் ஏறியிருக்கு. சராசரி 107.8, விலகல் 4.56, சிசிஐ 90.6. விலை ஏறியும் 148-லிருந்து 100-க்குக் கீழே வந்துடுச்சு, ஏன்னா சராசரி அதைத் துரத்திக்கிட்டு வந்துது. கோட்டுக்குள் திரும்பியதை மட்டும் பார்த்து விற்றால், ஏறும் விலையில் விற்பீங்க. வேகம் குறைஞ்சதைத்தான் அது சொல்லுது.

ஆற்காடு சேகர்:
அதை ஒத்துக்கிறேன். ஆனா பக்கவாட்டில் போகும்போது என் முறை வேலை செய்யுதே. பிளஸ் 100-க்குப் போய்த் திரும்பினா இறங்கத்தான் செய்யுது.

ராணிப்பேட்டை கணக்கர்:
பக்கவாட்டில் செய்யும், ஒரு திசையில் ஓடும்போது கையைச் சுடும். இப்போ எது நடக்குதுன்னு சிசிஐ தானே சொல்லாது. 50 நாள் சராசரி எந்தப் பக்கம் சாயுதுன்னு நான் பார்ப்பேன். அதுவும் தாமதமாத்தான் திரும்பும்.

காட்பாடி மாணவன்:
5-க்குப் பதில் 20 நாள் வச்சு ரெண்டு முறையையும் பழைய விலையில் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: மார்க்கெட் நடக்கும்போதே 100-ஐத் தாண்டினா கணக்கில் எடுக்கலாமா?

ராணிப்பேட்டை கணக்கர்:
வேண்டாம். அன்றைய க்ளோஸ் வரும்வரை டிபிகல் பிரைஸே மாறிக்கிட்டிருக்கும். மதியம் 110 காட்டினது மூடும்போது 85 ஆகலாம். மூடிய பிறகு வரும் எண்ணையே எழுதுங்க.