காசிமேடு ஐஸ் கம்பெனி கேஸ்: பிரச்சினை போட்டியா, மின்கட்டணமா, பாக்கியா?

தண்டையார்பேட்டை மாணவி
எம்பிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் அலசி எழுத ஒரு கேஸ் ஸ்டடி கொடுத்தார்கள். காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனி. 50 கிலோ பார் ஒரு நாளைக்கு 600 வரை போடலாம். மூன்று வருடம் முன்பு 530 விற்றது, இப்போது 500. ஒரு பார் 100 ரூபாய். வருட லாபம் 7 லட்சம். ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் சம்பளத்துக்குப் பணம் இல்லை, ஓவர்டிராஃப்ட் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பக்கத்தில் புதிய கம்பெனி வந்ததுதான் மையப் பிரச்சினை என்று எழுதி, 60 லட்சத்தில் டியூப் ஐஸ் மெஷின் வாங்கப் பரிந்துரைத்தேன். ‘இது மையப் பிரச்சினை இல்லை’ என்று சார் திருப்பிவிட்டார். எங்கே தவறினேன்?

மணலி மின்பொறியாளர்
மின்கட்டணத்தைப் பாருங்கள். ஐஸ் கம்பெனியில் கரன்ட்தான் பெரிய செலவு. உயர் அழுத்த இணைப்பு என்றால் யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு எடுப்போம் என்று ஒப்பந்தம் போட்ட டிமாண்டுக்கு டிமாண்ட் சார்ஜ் தனி. ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் கீழே நீங்கள் எவ்வளவு குறைவாக எடுத்தாலும் அந்த 90 சதவீதத்துக்கு பில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, கம்ப்ரஸர் பாதி நேரம் சும்மா நிற்கும். பில் மட்டும் நிற்காது. மே மாதம் பணம் இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

எர்ணாவூர்வாசி
தங்கச்சி, டியூப் ஐஸ் மெஷின் வாங்க அவசரப்படாதீர்கள். என் மச்சான் வாங்கினார். மெஷின் விலையோடு முடியவில்லை. குடிக்கிற பானத்தில் போடும் ஐஸ் என்றால் தண்ணீர் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும், உணவு உரிமம் வேண்டும், சுத்திகரிப்புக்குத் தனி செட்டப், கொண்டுபோகக் குளிர்பெட்டி வண்டி. முதல் கோடை உரிமத்துக்கும் வண்டிக்கும் அலைவதிலேயே போய்விட்டது. உங்கள் கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது?

தண்டையார்பேட்டை மாணவி
அண்ணா, கம்பெனி என்னுடையது இல்லை, பாடத்தில் வந்த கேஸ். ஆனால் நீங்கள் சொன்ன செலவு எதையும் நான் 60 லட்சத்தில் சேர்க்கவில்லை.

பொறியாளர் சார், பின்னிணைப்பில் 150 கேவிஏ என்று இருக்கிறது, டிமாண்ட் சார்ஜ் மாதம் சுமார் 80 ஆயிரம். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

ராயபுரம் கணக்காளர்
அம்மா, பின்னிணைப்பு வரை வந்துவிட்டீர்கள். வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று அங்கேயே இருக்கும். மூன்று வருடத்துக்கும் எடுத்துப் போடுங்கள். எந்தப் படகு எவ்வளவு தரவேண்டும் என்ற பட்டியல் இருந்தால் அதுவும் வேண்டும். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று ஸ்வாட் கட்டம் போட்டிருப்பீர்களே, அதில் கடனைப் பற்றி என்ன எழுதினீர்கள்?

தண்டையார்பேட்டை மாணவி
பாக்கி மூன்று வருடம் முன்பு 6 லட்சம், இப்போது 24 லட்சம். மொத்தம் 40 படகு. அதில் 9 படகு மட்டும் 16 லட்சம் தரவேண்டும். அந்த ஒன்பதின் பாக்கி மூன்று வருடம் முன்பு 2 லட்சமாகத்தான் இருந்தது. தினம் 500 பாரில் அவர்கள் எடுப்பது 100.

ஸ்வாட்டில் ‘கடன் வசதி கொடுத்து வாடிக்கையாளரைத் தக்கவைப்பது’ என்று பலத்தில் எழுதினேன். தடைக்காலத்தை அச்சுறுத்தலில் போட்டேன். டியூப் ஐஸ் மெஷினை வாய்ப்பில்.

ராயபுரம் கணக்காளர்
மூன்று வருட லாபம் 21 லட்சம். அதே மூன்று வருடத்தில் பாக்கி ஏறியது 18 லட்சம். சம்பாதித்ததில் பெரும்பகுதி கைக்கே வரவில்லை, படகுகளிடம் நிற்கிறது. விற்பனை 530-லிருந்து 500 ஆனது உண்மை, ஆனால் அந்தச் சரிவு மே மாத நெருக்கடியை விளக்காது. விற்ற பாருக்கே பணம் வரவில்லை என்பதுதான் விளக்குகிறது. போட்டியாளர் வந்ததும் முதலாளி பயந்து கடனைத் தளர்த்தினார் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் போட்டி தூண்டியது, கடன் முறை நோயானது.

மையப் பிரச்சினையைச் சோதிக்க நான் ஒரு கேள்வி கேட்பேன்: இதை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் மே மாதம் சம்பளம் போடமுடியுமா? பொறியாளர் சொன்ன டிமாண்ட் சார்ஜ் இரண்டு மாதத்துக்கு 1.6 லட்சம். தடைக்காலத்தில் மொத்த நிலைச்செலவு எவ்வளவு என்று பாருங்கள்.

ஸ்வாட்டில் மூன்று இடம் இடிக்கிறது. தடைக்காலம் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருகிறது. நாட்காட்டியில் இருப்பதை அச்சுறுத்தல் என்று எழுதினால் திட்டமிடத் தவறியது மறைந்துவிடும். 2017-இல் 45 நாள் 61 நாளானதே, அந்த மாதிரி மாற்றம்தான் அச்சுறுத்தல். மெஷின் வாங்குவது வெளியில் இருக்கும் வாய்ப்பு அல்ல, நீங்கள் எடுக்கக்கூடிய ஒரு முடிவு. வெளியில் என்ன தேவை இருக்கிறது என்பதுதான் அந்தக் கட்டத்துக்கு உரியது. அப்புறம் கடன்: 31 படகுக்கு அது பலம், 9 படகுக்குப் பலவீனம். ஒரே வரியாக எழுதியதால் உங்களுக்கே அது தெரியாமல் போனது.

மணலி மின்பொறியாளர்
1.6 லட்சம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் ஒரு கடிதம் எழுதி ஒப்பந்த டிமாண்டைக் குறைத்தால் ஆண்டு முழுக்க மிச்சம். பாக்கி வசூல் உங்கள் கையில் இல்லை, இது இருக்கிறது.

ராயபுரம் கணக்காளர்
சரி, 150 கேவிஏ உண்மையில் தேவையா என்று முழு சீசனிலும் பதிவான டிமாண்டைப் பார்த்துக் குறைக்கலாம். பரிந்துரையில் இரண்டாவது வரியாக வரட்டும். முதல் வரியாக வந்தால் 24 லட்சம் 30 லட்சமாகும்.

தண்டையார்பேட்டை மாணவி
நிலைச்செலவு மாதம் 3.6 லட்சம். இரண்டு மாதத்துக்கு 7.2. அப்படியென்றால் ‘இனி ரொக்கத்துக்கு மட்டுமே ஐஸ்’ என்பதுதான் சரியான பரிந்துரையா?

காசிமேடு படகு
அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு விசைப்படகு. ரொக்கத்துக்குத்தான் ஐஸ் என்று சொன்னால் அந்த 9 படகும் மறுநாளே பக்கத்து கம்பெனிக்குப் போகும். நாங்கள் திருட்டுத்தனமாகப் பாக்கி வைப்பதில்லை. கடலுக்குப் போகும் அன்று டீசல், ஐஸ், ரேஷன், ஆள் முன்பணம் எல்லாம் ஒரே நாளில் நிற்கும். டீசல்காரர் ரொக்கம் கேட்பார், ஐஸ்காரர் கேட்கமாட்டார், அதனால் ஐஸ் பாக்கி ஆகிறது. திரும்பி வந்து ஏலம் போட்டால் ஏலக்காரர் பணம் கொடுக்க நாளாகும், அவரிடம் வாங்கிய முன்பணமும் அதில் கழியும். இரண்டு சீசன் மீன் சரியாகப் படவில்லை என்றால் பாக்கி இப்படித்தான் ஏறும்.

ராயபுரம் கணக்காளர்
நீங்கள் சொன்னதுதான் இந்தக் கேஸில் விடுபட்ட பக்கம். அதனால்தான் ரொக்கம் மட்டும் என்பதை நானும் தள்ளுகிறேன். மாணவி அம்மா, ஒரு பாருக்கு மாறும் செலவு எவ்வளவு?

தண்டையார்பேட்டை மாணவி
கரன்ட், தண்ணீர், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து 60 ரூபாய்.

ராயபுரம் கணக்காளர்
அப்படியானால் நிலைச்செலவுக்கும் லாபத்துக்கும் பாருக்கு 40 ரூபாய் பங்களிப்பு நிற்கிறது. 9 படகு ஆண்டுக்கு 250 நாளில் எடுப்பது 25 ஆயிரம் பார். அவர்களை விரட்டினால் 10 லட்சம் பங்களிப்பு போகும், 7 லட்ச லாபம் 3 லட்ச நஷ்டமாகும். சார் கையில் அந்தப் பரிந்துரையைக் கொடுத்தால் மறுபடி திருப்புவார்.

இப்போதைய நிலையையும் கணக்குப் போடுங்கள். ஒன்பது படகும் ஆண்டுக்கு 25 லட்சத்துக்கு ஐஸ் எடுக்கிறார்கள். மூன்று வருடத்தில் ஏறிய 14 லட்சத்தைப் பிரித்தால், ஆண்டுக்குச் சுமார் 4.7 லட்சம் புதுப் பாக்கி வைக்கிறார்கள். கையில் தருவது 20.3. அவர்களுக்கு ஐஸ் போட மாறும் செலவு 15. ஆக இப்போதே 5.3 லட்சம் ரொக்கம் மிஞ்சுகிறது. இவர்கள் கெட்ட வாடிக்கையாளர் அல்ல, பாக்கி ஏறாமல் நிறுத்தவேண்டிய வாடிக்கையாளர்.

என் பரிந்துரை: போன பயணத்து ஐஸுக்குப் பணம் கொடுத்த பிறகே அடுத்த பயணத்துக்கு ஐஸ். பழைய பாக்கிக்கு ஒவ்வொரு பாரோடும் 20 ரூபாய் தவணை.

காசிமேடு படகு
பயணத்துக்குப் பயணம் தீர்ப்பது முடியும், ஏலப் பணம் வந்ததும் கொடுக்கலாம். 20 ரூபாய் முடியாது. 100 ரூபாய்ப் பார் 120 என்றால் பக்கத்து கம்பெனியில் 100-க்கு எடுத்துக்கொள்வேன். 10 ரூபாய் என்றால் பொறுப்போம்.

ராயபுரம் கணக்காளர்
10 ரூபாயிலேயே போட்டுப் பார்க்கிறேன். ஆண்டுக்கு 2.5 லட்சம் பழைய பாக்கி வரும். புதுப் பாக்கி நின்றதால் 4.7. இரண்டும் சேர்ந்து 7.2 லட்சம், தடைக்கால நிலைச்செலவுக்குச் சரியாகிறது. இது யாரும் போகாமல் இருந்தால். சிலர் போனால்? போகாமல் நம்மிடமே இருக்கும் ஒரு படகு பங்களிப்பும் தவணையுமாக ஆண்டுக்குச் சுமார் 1.39 லட்சம் தரும். நான்கு படகு இருந்தாலே 5.5 லட்சம், இப்போது ஒன்பதிடமிருந்தும் சேர்ந்து மிஞ்சும் 5.3 லட்ச ரொக்கத்துக்குக் குறையாது. அதாவது ஐந்து படகு போகும் வரை இந்த முடிவு இன்றைய நிலையைவிட மோசமாகாது. பரிந்துரைக்கு நியாயம் என்று இதைத்தான் எழுதவேண்டும்: எவ்வளவு தவறிப்போனாலும் தாங்கும் என்பதை.

பழைய பாக்கிக்கு ஒவ்வொருவரிடமும் ‘இவ்வளவு தரவேண்டும்’ என்று கையெழுத்து வாங்கவேண்டும். வெறும் நோட்டுப் புத்தகக் கணக்கு மூன்று வருடம் தாண்டினால் 1963 காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போடமுடியாது. காலம் முடிவதற்குள் எழுதிக் கையெழுத்திட்டால் புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். 10 ரூபாய்த் தவணையில் 16 லட்சம் தீர 6 வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால் இதை விடக்கூடாது.

மணலி மின்பொறியாளர்
6 வருடம் என்பது வசூல் அல்ல, பாதித் தள்ளுபடி. அதற்குள் இரண்டு படகாவது விற்றுப்போகும். 20 ரூபாயில் பிடிவாதமாக நிற்பதே மேல் என்று இன்னும் நினைக்கிறேன்.

எர்ணாவூர்வாசி
கேஸ்தான் என்று இப்போது புரிந்தது. மெஷினை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். தடைக்காலமும் கத்திரி வெயிலும் ஒன்றாக வருகின்றன, ஜூஸ் கடைக்கு அப்போதுதான் ஐஸ் வேண்டும்.

ராயபுரம் கணக்காளர்
அந்தத் தேவை உண்மையான வாய்ப்பு, அதை வாய்ப்புக் கட்டத்தில் எழுதட்டும். ஆனால் 60 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி போட்டாலே ஆண்டுக்கு 6.6 லட்சம், லாபம் 7 லட்சம். பாக்கி ஏறுவது நின்றபிறகு இரண்டாம் ஆண்டில் பார்க்கலாம். மெஷின் இல்லாமலே இன்னொரு வழி இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும். அதுவரை அங்கிருந்து லாரியில் வரும் மீனுக்கு இங்கே ஐஸ் வேண்டும். இருக்கிற பாரையே விற்கலாம்.

தண்டையார்பேட்டை மாணவி
திருத்தி எழுதுகிறேன். எந்த மாதத்தில் தொடங்கச் சொல்வது? மே மாதம் பணம் தேவை என்பதால் உடனே என்று எழுதலாமா?

காசிமேடு படகு
உடனே வேண்டாம். தடை முடிந்து முதல் பயணத்துக்கு எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்பும். அந்த வாரம் எந்த கம்பெனியிலும் ஐஸ் போதாது, வரிசையில் நிற்போம். கம்பெனிக்கு அப்போதுதான் பிடி அதிகம். ஆனால் இரண்டு மாதம் வேலை இல்லாமல் அன்று எங்கள் கையில் காசு இருக்காது. ஏப்ரலிலேயே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, ஜூனில் முதல் பயணத்துக்குக் கடனாகவே ஐஸ் கொடுக்கட்டும். அந்தப் பயணத்து ஏலப் பணத்திலிருந்து புது முறை தொடங்கட்டும்.