நிதி நெம்பு மடங்கா, கடன் நெம்பு மடங்கா?

கலைச்செல்வி:
வணக்கம். வணிகவியல் மாணவர்களுக்கான நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'டிகிரி ஆஃப் ஃபைனான்சியல் லெவரேஜ்' என்ற இடத்தில் நிற்கிறேன். 'நிதி நெம்புகோல் அளவு' என்று எழுதினால் கருவியின் நீளத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. கடன் வாங்கினால் முதலாளியின் பணத்துக்கு வருமானம் கூடுகிறது அல்லவா? 'இலாபப் பெருக்கி' எனலாமா?

முருகேசன்:
இதற்கு எதற்குப் புதுச்சொல்? கடன்-பங்கு விகிதம் என்று ஏற்கெனவே இருக்கிறதே. கடன் அதிகம் என்றால் லெவரேஜ் அதிகம், அவ்வளவுதான்.

சுந்தரம்:
இரண்டும் ஒன்றல்ல, முருகேசன். ஒரு நூற்பாலையை வைத்துப் பார்ப்போம். முதலீடு 10 கோடி. அதில் 4 கோடி சொந்தப் பணம், 6 கோடி கடன். வட்டி 10 சதவீதம், ஆக ஆண்டுக்கு 60 லட்சம். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

சாதாரண ஆண்டில் வட்டிக்கு முன் 1.2 கோடி லாபம் வருகிறது. வட்டி போக மிஞ்சுவது 60 லட்சம், அதாவது சொந்தப் பணத்துக்கு 15 சதவீதம். கடனே இல்லாமல் 10 கோடியும் சொந்தமாகப் போட்டிருந்தால் 12தான். நல்ல ஆண்டில் லாபம் 1.5 கோடியாகிறது. மிச்சம் 90 லட்சம், 22.5 சதவீதம். அதே அளவு சரிந்து 90 லட்சமானால் மிச்சம் 30 லட்சம், 7.5 சதவீதம். கடனில்லாதவருக்கு அப்போதும் 9 கிடைத்திருக்கும்.

மேலே லாபம் 25 சதவீதம் ஏறியபோது மிச்சம் 50 சதவீதம் ஏறியது, இறங்கியபோதும் அப்படியே. இந்த 2தான் நமக்குப் பெயர் வேண்டிய எண்:

```
வட்டிக்கு முந்தைய லாபம் ÷ (வட்டிக்கு முந்தைய லாபம் − வட்டி)
120 ÷ (120 − 60) = 2
```

இன்னொரு ஆலைக்கும் இதே 4 கோடி சொந்தப் பணம், இதே 6 கோடி கடன், இதே வட்டி. ஆனால் லாபம் 80 லட்சம்தான். 80-ஐ 20-ஆல் வகுத்தால் 4. கடன்-பங்கு விகிதம் இரண்டு ஆலைக்கும் ஒன்றே, ஆனால் ஆட்டம் இரு மடங்கு. செல்விம்மா, கெட்ட ஆண்டிலும் வேலை செய்யும் எண் இது. 'இலாபப் பெருக்கி' என்றால் பாதிக் கதைதான் வரும்.

சண்முகம்:
ஐயா, நான் விசைத்தறி வைத்திருக்கிறேன், கலைச்சொல் எல்லாம் தெரியாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. எங்கள் கடன் மாறும் வட்டியில் இருக்கிறது. ஓட்டம் அதேதான், கையில் நிற்பது மட்டும் குறைந்துபோனது. இதுவும் நீங்கள் சொல்கிற கணக்குதானா?

சுந்தரம்:
கொஞ்சம் வேறு. அந்தச் சூத்திரம் வட்டியை மாறாதது என்று வைத்துக்கொண்டு, தொழிலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் அளக்கிறது. உங்கள் தொல்லை வட்டியிலிருந்தே வந்தது. நம் ஆலையில் வட்டி 12.5 ஆனால் 75 லட்சம் போகும், மிச்சம் 45. சொந்தப் பணத்துக்கு 11.25 சதவீதம். இப்போது கடன் வாங்காதவரின் 12 சதவீதமே மேலானது. அதோடு எண்ணும் 2-இலிருந்து சுமார் 2.67 ஆகிவிடும், அடுத்த சரிவு இன்னும் பலமாக விழும்.

முருகேசன்:
சரி, விகிதம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போ எண் 1-க்கு மேல் போனாலே கடன் லாபகரம் என்று கொள்ளலாமா?

சுந்தரம்:
கூடாது. கடன் உதவுகிறதா என்பது முதலீடு ஈட்டுவதும் வட்டி வீதமும் சம்பந்தப்பட்டது. 10 சதவீத வட்டியில் நம் ஆலை சரியாக 1 கோடி ஈட்டினால் கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 சதவீதம்தான். ஆனால் அங்கேயும் எண் 2.5 காட்டும். லாபம் 60 லட்சத்தை நெருங்கினால் எண் விண்ணுக்குப் போகும், அதற்குக் கீழே இறங்கினால் எதிர்க்குறி வந்து பொருளே இல்லாமல் போகும். எந்த லாப அளவிலிருந்து கணக்கிட்டோம் என்று சொல்லாமல் இந்த எண்ணைத் தரக் கூடாது. பாடநூல்கள் பல இதைச் சொல்வதில்லை.

கலைச்செல்வி:
அப்படியென்றால் 'பெருக்கி' வேண்டாம். 'அளவு' என்பதைவிட 'மடங்கு' பொருந்துகிறது, வருவது எத்தனை மடங்கு என்ற எண்தானே. 'கடன் நெம்பு மடங்கு' எப்படி?

சுந்தரம்:
மடங்கு நல்ல சொல். கடன் என்பதில்தான் தயக்கம். முன்னுரிமைப் பங்குக்குத் தரும் நிலையான ஈவையும் இந்தக் கணக்கில் கழிப்பார்கள், அது கடனில்லை. 'நிதி நெம்பு மடங்கு' என்றால் தொழிலின் நிலைச்செலவால் வருவதற்கு 'இயக்க நெம்பு மடங்கு' என்று ஜோடி அமையும். இரண்டையும் பெருக்கினால் கூட்டு மடங்கு.

சண்முகம்:
எங்களுக்குக் கடன் என்று இருந்தால்தான் புரியும். நிதி என்றால் தேர்தல் நிதியா, நிவாரண நிதியா என்று கேட்பார்கள்.

முருகேசன்:
நானும் கடன் பக்கம். முன்னுரிமைப் பங்கு வைத்திருக்கிற சிறு நிறுவனம் எத்தனை? நெம்பு என்று வினையடியாகவே விடலாமா, நெம்பல் என்று மாற்றணுமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கலைச்செல்வி:
வினைத்தொகையாக நெம்பு மடங்கு என்றே இருக்கட்டும். நிதியா கடனா என்பதை ஞாயிறு வரை திறந்து வைக்கிறேன். சுந்தரம் ஐயா, அந்த 1 கோடி கணக்கை நூலில் சேர்க்க உங்கள் அனுமதி வேண்டும்.