144 ஹெர்ட்ஸ் மானிட்டர், 120 எஃப்பிஎஸ், ஆனா கண்ணுக்கு வித்தியாசமே இல்ல: உங்க அனுபவம் என்ன?

தேனி கார்த்தி
முதல் தடவையா கேமிங் பிசி போட்டிருக்கேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், 1080பி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. வேலரன்ட்ல மூலையில 120 எஃப்பிஎஸ்னு காட்டுது. ஆனா அண்ணனோட பழைய மானிட்டர்ல பார்க்கிற மாதிரியேதான் இருக்கு. வேகமாத் திரும்பினா படம் குறுக்கே வெட்டி ஒட்டின மாதிரி தெரியுது. Low வச்சா 160 போகுது, அப்பவும் அதே கதை. யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

ராக்கெட் ராஜா
நடந்திருக்கு ப்ரோ. மானிட்டர் காட்டுறதுக்கு மேல எஃப்பிஎஸ் போனா எல்லாம் வேஸ்ட். 60க்கு லாக் பண்ணிட்டு நிம்மதியா ஆடு.

சேகர் அண்ணாச்சி
கடையில பிசி அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறவன் நான். இதே புகாரோட நிறையப் பேர் வருவாங்க.

தம்பி, அந்த 120 உன் கார்டு ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரையுதுங்கிற கணக்கு. மானிட்டர் அதுல எத்தனையைக் காட்டுதுங்கிறது வேற கணக்கு, அதுதான் ஹெர்ட்ஸ். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் பல நேரம் 60லயே விட்டிருக்கும். அப்போ கார்டு எவ்வளவு வரைஞ்சாலும் நீ பார்க்கிறது செகண்டுக்கு 60 தடவைதான். ஒரு படம் பாதி காட்டும்போதே அடுத்த படம் வந்து சேருறதாலதான் அந்தக் குறுக்கு வெட்டு.

Settings > System > Display > Advanced display போய்ப் பாரு. 144 பட்டியல்லயே இல்லைன்னா கேபிளைச் சந்தேகப்படு. சில மானிட்டர்ல டிஸ்ப்ளேபோர்ட்ல முழு வேகம் வரும், எச்டிஎம்ஐல குறைஞ்சிடும்.

ராஜா, முழு வேஸ்ட்னு சொல்ல முடியாது. எஃப்பிஎஸ் கூடினா மானிட்டருக்குப் போற படம் புதுசா இருக்கும், மவுஸ் அசைச்சதுக்குப் பலன் சீக்கிரம் தெரியும்.

மீனா
என் லேப்டாப்ல அரை மணி நேரம் ஆடினதும் 70லேர்ந்து 40க்கு இறங்கிடுது. எனக்கும் இந்த ஹெர்ட்ஸ் பிரச்சினைதானா?

சேகர் அண்ணாச்சி
இல்லம்மா, ஹெர்ட்ஸ் எஃப்பிஎஸ் எண்ணைத் தானா இறக்காது. நேரம் போகப் போக இறங்குதுன்னா சூடாகி வேகத்தைக் குறைக்குதுன்னு தோணுது. சார்ஜர் மாட்டித்தானே ஆடுறீங்க? ஃபேன்ல தூசி அடைஞ்சிருக்கான்னும் பாருங்க.

தேனி கார்த்தி
அண்ணாச்சி, 60லதான் இருந்துச்சு! 144 மாத்தினதும் மவுஸை வட்டமாச் சுத்தினாலே வித்தியாசம் தெரியுது. ஆனா சைபர்பங்க் 2077ல High வச்சா 35தான் வருது. ரெசல்யூஷனை 720 ஆக்கினா 55 வருது, எழுத்தெல்லாம் மங்கிப்போகுது.

சேகர் அண்ணாச்சி
1080ல ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளி. 720ல 9.2 லட்சம்தான், அதனால கார்டுக்குச் சுமை குறையுது. ஆனா மானிட்டர்ல இருக்கிற புள்ளி மாறாதே, அந்தச் சின்னப் படத்தை இழுத்துத்தான் நிரப்பணும். அதான் மங்கல்.

இதுல ஒரு விஷயம் தெரிஞ்சுது. ரெசல்யூஷன் குறைச்சும் எஃப்பிஎஸ் ஏறலைன்னா ப்ராசஸர்தான் திணறுதுன்னு அர்த்தம். உனக்கு ஏறுது, அதனால உன்னை இழுத்துப் பிடிக்கிறது கார்டு.

1080ஐத் தொடாதே. High, Lowங்கிறது பத்துப் பதினைஞ்சு செட்டிங்கை மொத்தமா மாத்துற பொத்தான் மட்டும்தான். High வச்சுட்டு, உள்ள போய் நிழல், Screen Space Reflections, Volumetric Fog, Volumetric Clouds இதை மட்டும் ஒவ்வொண்ணாக் குறைச்சு, ஒரே தெருவுல நின்னு எண்ணைப் பாரு. டெக்ஸ்ச்சர் வேற மாதிரி. அது கார்டோட நினைவகத்துல அடங்குற வரைக்கும் வேகத்தைப் பெருசாப் பாதிக்காது, நிரம்பினா திடீர் திடீர்னு சிக்கும். 4 ஜிபிக்கு Mediumக்கு மேல ஆசைப்படாதே. அப்பவும் போதலைன்னா எஃப்எஸ்ஆர் போடு. காட்சியைச் சின்னதா வரைஞ்சு பெருசாக்கும், எழுத்து மட்டும் 1080லயே தெளிவா நிக்கும்.

தேனி கார்த்தி
செஞ்சு பார்த்தேன். எஃப்எஸ்ஆர் இல்லாமலே 46லேர்ந்து 52 வரைக்கும் வருது. பிரதிபலிப்பைக் குறைச்சதுலதான் நல்லா ஏறுச்சு, ரோட்டுல ஈரம் கொஞ்சம் டல்லாத் தெரியுது, பரவாயில்ல. ஆனா எண்ணு ஏறி இறங்குறது கண்ணை உறுத்துது.

மீனா
எஃப்எஸ்ஆர் கொஞ்சம் போட்டு 48க்குக் கீழ இறங்காமப் பார்த்துக்கிட்டு, படம் மாறுறதை மானிட்டரோட வேகத்தோட ஒத்துப்போக வைக்கிற வி-சிங்க்கையும் போட்டு 48ல லாக் பண்ணுங்க. 144ஐ மூணா வகுத்தா 48, ஒவ்வொரு படமும் சமமா மூணு தடவை வரும். தங்கச்சி பிசியில அப்படித்தான் வச்சிருக்கேன், சீராப் போகுது.

ராக்கெட் ராஜா
ஃப்ரீசிங்க் இருந்தா இந்த வகுத்தல் கணக்கே வேண்டாமே. எஃப்பிஎஸ் போற போக்குல மானிட்டர் தன்னோட ஹெர்ட்ஸைத் தானா மாத்திக்கும். நான் லாக்கே போடமாட்டேன்.

சேகர் அண்ணாச்சி
ரெண்டு பேர் சொல்றதும் நடக்கும். ஆனா ஃப்ரீசிங்க் ஒரு அளவுக்குக் கீழ எல்லா மானிட்டர்லயும் ஒரே மாதிரி வேலை செய்யாது, சிலதுல 48க்குக் கீழ போனா படம் மினுக்கும். கார்த்தி, உன் மானிட்டர்ல எந்த எண்ணுலேர்ந்து எந்த எண்ணு வரைன்னு போட்டிருக்கு?

தேனி கார்த்தி
மேனுவல்ல 48 - 144ன்னு இருக்கு அண்ணாச்சி. அப்போ என் 46 அதுக்கு வெளியில வருதே. ராத்திரி ரெண்டு மாதிரியும் ஆடிப் பார்த்துட்டு எழுதுறேன்.