ஆகன் நகர ஒற்றையறையில் அதிரசம்

ஆகன் மாணவி:
ஜெர்மனியின் ஆகன் நகரில் நான் தங்கியிருக்கும் ஒற்றையறை வீட்டில், கட்டிலில் உட்கார்ந்தபடியே மின்னடுப்பைத் தொட்டுவிடலாம். அங்கேதான் தீபாவளிக்கு அதிரசம் சுட முனைந்தேன். முதல் முறை, கடையில் விற்கும் உலர்ந்த அரிசிமாவையும், நிறத்தில் வெல்லத்தைப் போலிருந்த பழுப்புச் சர்க்கரையையும் நம்பினேன். பாகு ஆறியதும் மணல் மணலாகப் பூத்துவிட்டது. தட்டிப் போட்டவை எண்ணெயில் உதிர்ந்து அடியில் படிந்தன.

பிறகு 'ஃபோல்ரோர்ட்சுக்கர்' கண்ணில் பட்டது. கரும்புச்சாற்றைச் சுத்திகரிக்காமல் அப்படியே காய்ச்சி உலர்த்திய பொடி அது. வாயில் போட்டதுமே வெல்லத்தின் மணம் வந்தது. பச்சரிசிக்குப் பதிலாக, இங்கே பாற்சோற்றுக்கென விற்கும் குட்டையான உருண்டை அரிசியை 250 கிராம் எடுத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துண்டில் பரப்பி, ஈரம் முழுவதும் போவதற்குள் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கருவியில் பிடி பிடியாக அரைத்துச் சலித்தேன். சர்க்கரை 200 கிராம். பாகைத் தண்ணீரில் சொட்டினால் மென்மையாக உருட்ட வரவேண்டும் என்பது அம்மா சொன்ன பதம். கண்ணாடித் தட்டு அடுப்பு அணைத்த பின்பும் கனன்றுகொண்டிருப்பதால், பதம் மீறிவிடுமோ என்று அஞ்சிப் பாத்திரத்தைச் சற்று முன்னதாகவே இறக்கிவிட்டேன். ஓர் இரவு வைத்திருந்து சுட்டபோது அதிரசம் உதிரவில்லை. ஆனால் அப்பளம் போலப் பரந்து எண்ணெயைக் குடித்தது. பிழை பாகிலா, அரிசியிலா?

மதுரைக்காரர்:
பாகில்தான், தங்கையே. பாகு முற்றாவிட்டால் இப்படித்தான் பரவும். பதம் சரியாக இருந்தால் எந்த அரிசியும் அதிரசத்துக்கு ஆகும்.

டொராண்டோவாசி:
பால்பவுடரில் நான் செய்த குலாப் ஜாமூனும் எண்ணெயில் பிரிந்துபோனது. சோடா உப்பைக் குறைத்ததும் சரியாயிற்று. நீங்களும் சோடாவைக் குறைத்துப் பாருங்கள்.

ஆகன் மாணவி:
நான் சோடா சேர்க்கவே இல்லை, அண்ணா.

பலகாரம் சுடும் அம்மாள்:
எந்த அரிசியும் ஆகும் என்பதை நான் ஏற்கமாட்டேன். பாற்சோற்று அரிசி வெந்தால் பசையாகக் குழையும் இனம். அதிரசத்துக்கு அவ்வளவு பசை வேண்டியதில்லை. ஆனாலும் பாகை முன்னதாக இறக்கியதாக நீயே சொல்கிறாய், ஆகவே இரண்டுமே காரணமாக இருக்கலாம், கண்ணு. மாவை எறிந்துவிடாதே. இரண்டு கரண்டி ஈரமாவு கூட்டிப் பிசைந்து, ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பார். எண்ணெய் சூடு குறைந்தாலும் குடிக்கும். கிள்ளிப் போட்ட மாவு உடனே மேலே எழும்ப வேண்டும். எடுத்ததும் இரண்டு கரண்டிகளுக்கு இடையில் அழுத்திப் பிழி.

ஆகன் மாணவி:
அப்படியே செய்தேன், அம்மா. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் வந்தது. மாவையும் கூட்டி, எண்ணெய்ச் சூட்டையும் ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டதால், எது பலித்தது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. முதலில் பிசைந்த மாவில் இன்னும் ஆறு உருண்டைகள் குளிர்பெட்டியில் இருக்கின்றன. சனிக்கிழமை அவற்றில் மாவு கூட்டாமல், சூட்டை மட்டும் மாற்றிச் சுடப்போகிறேன்.