சாய்த்த டம்ளரில் மிஞ்சும் தண்ணீர்: பத்தாம் வகுப்புக்கு எப்படி விளக்குவது?

பெங்களூரு அல்சூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். கணக்கு ஆசிரியர்களின் உதவி தேவை.

உள் ஆரம் 3 செ.மீ., உயரம் 14 செ.மீ. உள்ள உருளை டம்ளர். நிறையப் பிடித்தால் 396 மி.லி. (π = 22/7). நீர்மட்டம் ஒரு பக்கம் விளிம்பையும் எதிர்ப்பக்கம் அடி ஓரத்தையும் தொடும்வரை சாய்த்தால் மிஞ்சுவது சரிபாதி, 198 மி.லி. நீர்ப்பரப்பு உருளையின் மையத்தின் வழியே போவதால் தண்ணீர் இருக்கும் இடமும் காலி இடமும் ஒரே வடிவம். இதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். வாய் அகன்ற டம்ளரில் இந்தச் சமச்சீர் இல்லை, பாதி என்ற விடையும் பொருந்தாது.

சிக்கல் அடுத்த கேள்வியில். இன்னும் சாய்த்து, அடித்தட்டில் பாதி மட்டும் நனைந்திருந்தால்? விடை (2/3)r²h, அதாவது 84 மி.லி. வளைந்த பாத்திரத்தின் கொள்ளளவில் π எங்கே போனது என்று ஒரு மாணவி கேட்கிறாள், நியாயமான கேள்வி. அடித்தட்டில் தண்ணீர் நிற்கும் விட்டத்துக்குச் செங்குத்தாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் செங்கோண முக்கோணம். மையத்திலிருந்து x தூரத்தில் அதன் பரப்பு (7/3)(9 − x²). இதே வடிவம், முழு உருளையையும் சுற்றி அமையும் சதுர அடிப் பெட்டியில் ஆறில் ஒரு பங்கு என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவியிருக்கிறார்.

தொகையிடல் தெரியாத பிள்ளைகளுக்கு அந்தத் துண்டுகளைக் கூட்டிக் காட்ட எளிய வழி இருந்தால் படத்துடன் சொல்லுங்கள்.