ஸ்டெப் கூட்டக் கூட்ட கால் ஆப்ஷன் விலை இறங்குகிறது, u, d-யில் என்ன கோளாறு?

கணக்குப்பிள்ளை

வணக்கம். பைனாமியல் ட்ரீ வைத்து யூரோப்பியன் கால் ஆப்ஷனுக்கு விலை போடும் சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறேன். பங்கு விலை 100, ஸ்ட்ரைக் 100, வட்டி 5%, வாலட்டிலிட்டி 20%, காலம் ஒரு வருஷம், டிவிடெண்ட் கிடையாது. இதற்கு பிளாக்-ஷோல்ஸ் 10.45 தருகிறது.

ஒரே ஸ்டெப்பில் எனக்கு 12.16 வருகிறது. இதைத் தாளில் போட்டும் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. 4 ஸ்டெப் வைத்தால் 6.55, 100 ஸ்டெப்புக்கு 4.88. அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் அங்கேயே நிற்கிறது. 10.45-ஐ நோக்கி வரவேண்டியது ஏன் விலகிப் போகிறது?

```python
dt = T / N
u = math.exp(sigma * dt)
d = 1 / u
p = (math.exp(r * dt) - d) / (u - d)
```

p எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால் இந்த நாலு வரி மேல் சந்தேகம் வரவில்லை. பின்னோக்கி வரும் லூப்பில்தான் தப்பு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆப்ஷன்ராஜா

100 ஸ்டெப் பத்தாது ப்ரோ. 500 வையுங்கள், தானாகச் சேரும். பைனாமியலில் விலை ஒற்றைப்படை ஸ்டெப்புக்கு மேலேயும் இரட்டைப்படைக்குக் கீழேயும் ஆடிக்கொண்டேதான் வரும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை

500 வைத்துப் பார்த்தேன், 4.88 அசையவே இல்லை. 501-க்கும் அதேதான். மேலே கீழே ஆடக்கூட இல்லை.

பழைய டெஸ்க்

லூப்பைத் தொடாதீர்கள், இரண்டாவது வரியைப் பாருங்கள் தம்பி. `sigma * dt` என்று இருப்பது `sigma * math.sqrt(dt)` என்று இருக்கவேண்டும். காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் 1979-இல் கொடுத்த u அதுதான்.

ஏன் ரூட் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்புகள் ஒன்றையொன்று சாராதவை. அதனால் கூடுவது வேரியன்ஸ். வாலட்டிலிட்டி நேராகக் கூடுவதில்லை. 4 ஸ்டெப் என்றால் dt = 0.25, அதன் ரூட் 0.5. லாக் அளவில் ஒவ்வொரு ஸ்டெப்பும் 0.20 × 0.5 = 0.10 மேலேயோ கீழேயோ போகும். அதன் வர்க்கம் 0.01. நாலு ஸ்டெப்புக்கும் சேர்த்து 0.04. அதன் ரூட் 0.20, அதாவது நீங்கள் கொடுத்த அதே 20%.

இப்போது உங்கள் வரியை எடுங்கள். ஸ்டெப் 0.20 × 0.25 = 0.05, வர்க்கம் 0.0025, நாலுக்கும் 0.01, ரூட் 0.10. நீங்கள் 20% கொடுத்தாலும் மரம் 10% வாலட்டிலிட்டி உள்ள பங்கைத்தான் பார்க்கிறது. 10% வாலட்டிலிட்டிக்கு பிளாக்-ஷோல்ஸ் 6.80 சொல்லும்; உங்கள் 6.55 அதை ஒட்டித்தானே இருக்கிறது? 100 ஸ்டெப் வைத்தால் மரத்துக்கு மிஞ்சுவது வெறும் 2%. பங்கு கிட்டத்தட்ட ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி ஆகிவிடும். அப்போது ஆப்ஷனின் மதிப்பு 100-இலிருந்து, ஸ்ட்ரைக்கை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் வரும் 95.12-ஐக் கழித்ததுதான். அதுதான் உங்கள் 4.88.

ஒரு ஸ்டெப்பில் சரியாக வந்ததுதான் உங்களை ஏமாற்றிவிட்டது. அங்கே dt = 1. ஒன்றுக்கு ரூட் எடுத்தாலும் ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை

வந்துவிட்டது! 4 ஸ்டெப்புக்கு 9.97, 100-க்கு 10.43, 101-க்கு 10.47. இப்போதுதான் ஆப்ஷன்ராஜா சொன்ன ஆட்டம் தெரிகிறது. ஆனால் தப்பான வரியிலும் p ஒழுங்காக இருந்ததே, அது எப்படி? p கெட்டுப்போனால்தான் u, d தப்பு என்று படித்த ஞாபகம்.

பழைய டெஸ்க்

p எல்லைக்குள் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் பழைய வரியில் வட்டியும் dt-யோடு போகிறது, ஸ்டெப் அளவும் dt-யோடு போகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்குவதால் p ஏறக்குறைய (5 + 20) / 40 = 0.625 என்று உட்கார்ந்துவிடும். ஸ்டெப்பை எவ்வளவு கூட்டினாலும் மாறாது. சரியான வரியில் வட்டியின் பங்கு சீக்கிரம் சுருங்கிவிடும், ஸ்டெப்பின் அளவு மெதுவாகச் சுருங்கும். அதனால் p பாதியை நோக்கிப் போகும். உங்கள் கணக்குக்கு ஒரு ஸ்டெப்பில் 0.577, நாலில் 0.538, நூறில் 0.508. இந்த மூன்றையும் அச்சடித்துப் பாருங்கள். p 0.5 பக்கம் போகவில்லை என்றால் ஸ்டெப் அளவைச் சந்தேகப்படுங்கள்.

101-ஐயும் 100-ஐயும் சராசரி எடுத்தால் 10.45 வந்துவிடும். ஆட்டத்துக்கு அது பழைய வைத்தியம்.

ஏற்றுமதிக்காரன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினைதான் என்று நினைக்கிறேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம், டாலர்-ரூபாய் ஆப்ஷனுக்கு மரம் போட்டேன். வாலட்டிலிட்டி 3%, ரூபாய் வட்டி 7%, மூன்று மாத ஸ்டெப். ரூட் போட்டுத்தான் இருக்கிறேன், ஆனாலும் p 1.08 வருகிறது. 3%-ஐ மாத வாலட்டிலிட்டியாக மாற்றிப் போடவேண்டுமா?

ஆப்ஷன்ராஜா

உங்களுக்கு ஸ்டெப் நீளம் அதிகம் சார். p ஒன்றைத் தாண்டினால் ஸ்டெப்பைக் குட்டையாக்கவேண்டும், அவ்வளவுதான்.

பழைய டெஸ்க்

அது பாதி விடைதான். வட்டியால் ஒரு ஸ்டெப்பில் வரும் வளர்ச்சி u-வையே தாண்டினால் p ஒன்றைத் தாண்டும். உங்கள் கணக்கில் u = 1.0151. மூன்று மாதத்தில் 7% வட்டி 1.0177 ஆகிறது. எந்தக் கிளையில் போனாலும் வங்கிப் பணம் ஜெயிக்கும் என்று மரம் சொல்கிறது. ஸ்டெப்பை இரண்டு மாதத்துக்குக் குறைத்தால் p உள்ளே வந்துவிடும், ஆனால் விலை தப்பாகவே இருக்கும். டாலரை வைத்திருப்பவருக்கும் வட்டி உண்டே, அதைக் கழித்தீர்களா? டாலர் வட்டி 4.5% என்று வைத்துக்கொண்டால் மரத்தில் வளரவேண்டியது 2.5% மட்டும். அதே மூன்று மாத ஸ்டெப்பில் p 0.705 ஆகிவிடும். u, d-யை மாற்றவேண்டாம், p-யின் வரியில் வரும் r-ஐ மட்டும் மாற்றுங்கள். கடைசியில் தள்ளுபடி செய்வதற்கு 7%-தான்.

வருஷ வாலட்டிலிட்டி என்றால் dt-யும் வருஷத்தில் இருக்கட்டும். மாதத்துக்கு மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஏற்றுமதிக்காரன்

டாலர் வட்டியை நான் சேர்க்கவே இல்லை. 0.705 வந்தது, நன்றி. அந்த 3% எங்கள் வங்கிக்காரர் போனில் சொன்னது. அது வருஷத்துக்கா, இந்த மூன்று மாதத்துக்கா என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை

எனக்குக் கடைசியாக ஒன்று. நிஃப்டிக்குப் போடும்போது ஒரு நாள் ஸ்டெப் என்றால் dt 1/365-ஆ, 1/252-ஆ?

ஆப்ஷன்ராஜா

252. சந்தை திறக்காத நாளில் விலை எங்கே நகரும்?

பழைய டெஸ்க்

தினசரி ரிட்டர்னின் ஸ்டாண்டர்ட் டீவியேஷனை √252-ஆல் பெருக்கி வாலட்டிலிட்டி எடுத்திருந்தால் u, d-க்கு 252-தான். ஆனால் வட்டி சனி, ஞாயிறிலும் ஓடும். அதனால் p-யில் வரும் r-க்கு நான் நாட்காட்டி நாளைத்தான் எடுப்பேன். சந்தை விலையிலிருந்து பின்னோக்கி எடுத்த வாலட்டிலிட்டி என்றால், அதைக் கணக்கிட்டவர் எந்த நாள்கணக்கை வைத்தாரோ அதே.

ஆப்ஷன்ராஜா

ஒரே மரத்தில் இரண்டு நாள்காட்டியா? வாராந்திர ஆப்ஷனுக்கு அந்த வட்டி பைசாவில்தான் வரும், எதற்கு சார் இந்தச் சிக்கல்?

பழைய டெஸ்க்

வாராந்திரத்துக்கு நீங்கள் சொல்வது சரிதான், வித்தியாசம் தெரியாது. ஆறு மாத ஆப்ஷனுக்குப் போட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.